இரண்டு புரொவின்ஸை வாங்காமல் விட்ட இரண்டு சுற்றுகள்: ஒரு டொமினியன் ஆட்டத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

டெக் பில்டிங் ஆட்டங்களுக்கு வழிவகுத்த டொமினியன் 2008-இல் வெளிவந்தது. டொனால்ட் எக்ஸ். வக்காரினோ வடிவமைத்தது. காசுச் சீட்டான காப்பர் 7, வெற்றிச் சீட்டான எஸ்டேட் 3 என்று 10 சீட்டுகளோடு எல்லோரும் தொடங்குகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் 5 சீட்டு கையில் வரும். ஒரு ஆக்‌ஷன், அதாவது ஒரு ஆக்‌ஷன் சீட்டை ஆடும் உரிமை, ஒரு வாங்கும் வாய்ப்பு. வாங்கிய சீட்டு ஆடி முடித்து ஒதுக்கிய சீட்டுகளோடு சேர்ந்து, அடுத்த முறை கலைத்துப் போடும்போது கட்டுக்குள் வந்துவிடும்.

புள்ளி தருவது வெற்றிச் சீட்டுகள் மட்டுமே: எஸ்டேட்டுக்கு 1, டச்சிக்கு 3, புரொவின்ஸுக்கு 6. இவை மூன்றுமே கையில் வந்தால் வேறு எதற்கும் உதவாத சுமை. புள்ளி வாங்க வாங்கக் கட்டு மந்தமாகும். வாங்காமலே இருந்தால் புள்ளியே இல்லை. எந்தச் சுற்றில் கட்டைப் பெருக்குவதை நிறுத்திவிட்டுப் புரொவின்ஸ் பக்கம் திரும்புவது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

ஆட்டம் இருவருக்கு நடந்தது. இருவர் ஆட்டத்தில் புரொவின்ஸ் அடுக்கில் 8 சீட்டு மட்டுமே இருக்கும். அது தீர்ந்தால் ஆட்டம் முடியும். வேறு எந்த மூன்று அடுக்குகள் தீர்ந்தாலும் முடியும், ஆனால் இங்கே அதற்கு வேலை வரவில்லை. மேசையில் இருந்த பத்து வகைகள்: செல்லர், சாப்பல், மோட், வில்லேஜ், வொர்க்‌ஷாப், மணிலெண்டர், ஸ்மிதி, லேபரட்டரி, மார்க்கெட், மைன். தாக்குதல் சீட்டு எதுவும் இல்லை. இது முக்கியம், ஏன் என்பது பின்னால் வரும்.

முதலில் ஆடியவரை முதலாமவர் என்றும் மற்றவரை இரண்டாமவர் என்றும் குறிப்பிடுகிறோம். இருவருக்கும் விதிகள் நன்றாகத் தெரியும். முதலாமவர் கட்டை மெலியவைத்து, ஒரு ஆக்‌ஷன் சீட்டு அடுத்ததை எடுத்துத் தரும் சங்கிலி கட்டும் வழியை எடுத்தார். இரண்டாமவர் சில்வர், கோல்ட், நடுவே இரண்டு ஸ்மிதி என்ற எளிய வழியில் போனார். தொடக்கத்துக் காப்பரையோ எஸ்டேட்டையோ அவர் கழிக்கவே இல்லை.

8-ஆம் சுற்று வரை

முதலாமவரின் தொடக்கத்தில் குறை சொல்ல இடமில்லை. முதல் இரண்டு சுற்றில் சாப்பலும் சில்வரும் வாங்கினார். சாப்பல் கையிலுள்ள 4 சீட்டு வரை ஆட்டத்தைவிட்டே நீக்கும். 3-ஆம் சுற்றில் 3 எஸ்டேட்டும் ஒரு காப்பரும் போயின. 4-இல் ஒரு லேபரட்டரி. 5-இல் இன்னும் 3 காப்பர் நீக்கப்பட்டது. இப்போது கட்டில் 6 சீட்டுதான். அதன்பின் 6-இல் இன்னொரு லேபரட்டரி, 7-இல் மார்க்கெட், 8-இல் கோல்ட்.

9-ஆம் சுற்று தொடங்கும்போது அவரிடம் இருந்தவை 9 சீட்டுகள்: 3 காப்பர், 1 சில்வர், 1 கோல்ட், 1 சாப்பல், 2 லேபரட்டரி, 1 மார்க்கெட். லேபரட்டரி 2 சீட்டு எடுக்கவைத்து ஒரு ஆக்‌ஷனும் தரும். மார்க்கெட் 1 சீட்டு, 1 ஆக்‌ஷன், 1 வாங்கும் வாய்ப்பு, 1 காசு தரும்.

இங்கே ஒரு கணக்கை அறிமுகப்படுத்த வேண்டும். தொடக்கக் கை 5. அதோடு கட்டிலுள்ள எல்லாச் சீட்டுகளும் சேர்த்து எத்தனை எடுக்கவைக்கும் என்று கூட்டினால் வருவது அந்தக் கட்டின் எட்டும் அளவு. இங்கே 5, இரண்டு லேபரட்டரிக்கு 4, மார்க்கெட்டுக்கு 1, ஆக 10. கட்டில் இருப்பதோ 9. எனவே சங்கிலி நடுவில் அறாதவரை ஒவ்வொரு சுற்றிலும் மொத்தக் கட்டும் கைக்கு வந்துவிடும். காப்பர் 1, சில்வர் 2, கோல்ட் 3 காசு தரும்; மார்க்கெட்டின் 1-ஐயும் சேர்த்துக் காசு 9, வாங்கும் வாய்ப்பு 2. புரொவின்ஸின் விலை 8.

இரண்டாமவர் 8-ஆம் சுற்றிலேயே முதல் புரொவின்ஸை வாங்கிவிட்டார். அடுக்கில் 7 மிச்சம்.

9 முதல் 11 வரை: நியாயமான பெருக்கம்

9-ஆம் சுற்றில் முதலாமவர் புரொவின்ஸ் வாங்கவில்லை. 9 காசில் ஒரு லேபரட்டரியும் ஒரு ஸ்மிதியும் வாங்கினார். ஸ்மிதி 3 சீட்டு எடுக்கவைக்கும், ஆனால் ஆக்‌ஷன் தராது. 10-இல் ஒரு கோல்டும், 1 சீட்டும் 2 ஆக்‌ஷனும் தரும் ஒரு வில்லேஜும். அப்போது காசு 12 ஆனது. 11-இல் 12 காசுக்கும் இரண்டு கோல்ட்.

ஆட்டம் முடிந்ததும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முதலில் குறை சொன்னது 9-ஆம் சுற்றைத்தான். அந்தக் குறை சரியல்ல. 9 சீட்டுக் கட்டு ஒரு புரொவின்ஸுக்குச் சரியாகப் போதும், அதற்குமேல் இடமே இல்லை. ஒன்று வாங்கினால் கட்டு 10. எட்டும் அளவும் 10. இன்னொன்று வாங்கினால் 11. ஒரு சீட்டு கைக்கு வராது. 9 காசில் 8 தேவை என்பதால், வராமல் போவது ஒரு காப்பராகவோ சாப்பலாகவோ புரொவின்ஸாகவோ இருந்தால் பிழைக்கலாம். சில்வரோ கோல்டோ என்றால் அந்தச் சுற்று வீண்.

இதைவிட மோசமானது தொடக்கக் கையிலேயே சங்கிலி அறுவது. 9 சீட்டில் லேபரட்டரி, மார்க்கெட் மூன்றில் ஒன்றுகூட முதல் 5-இல் வராத வாய்ப்பு 21-இல் 1. ஒரு புரொவின்ஸ் சேர்ந்ததும் அது 12-இல் 1 ஆகிறது. இரண்டு சேர்ந்ததும் ஏறக்குறைய 8-இல் 1. சின்னக் கட்டு பச்சைச் சீட்டைத் தாங்காது. வெற்றிச் சீட்டு வாங்கத் தொடங்குவதை ஆட்டக்காரர்கள் பச்சை எடுப்பது என்று சொல்வது வழக்கம். அட்டையின் நிறம் அது.

ஆகவே இரண்டு, மூன்று சுற்று கட்டைப் பெருக்கியதில் தவறில்லை. தவறு இங்கே தொடங்கவில்லை.

12-ஆம் சுற்று: கைவிட்ட இடம்

12-ஆம் சுற்றில் முதலாமவரிடம் 15 சீட்டு: 3 காப்பர், 1 சில்வர், 4 கோல்ட், 1 சாப்பல், 3 லேபரட்டரி, 1 மார்க்கெட், 1 ஸ்மிதி, 1 வில்லேஜ். எட்டும் அளவு 16. சங்கிலி முழுதாக ஓடியது. 18 காசு, 2 வாங்கும் வாய்ப்பு. இரண்டாமவர் 10-ஆம் சுற்றில் இரண்டாவது புரொவின்ஸை எடுத்திருந்தார், அடுக்கில் 6.

16 காசுக்கு இரண்டு புரொவின்ஸ் கண்முன்னே இருந்தது. முதலாமவர் இரண்டு மார்க்கெட் வாங்கினார். 8 காசு செலவாகாமல் நின்றது.

பின்னர் கேட்டபோது அவர் சொன்ன காரணம்: “வாங்கும் வாய்ப்பு நாலு ஆகிவிட்டால் ஒரே சுற்றில் மூன்று புரொவின்ஸ் எடுத்துவிடலாம் என்று பார்த்தேன்.” காரணம் பொய்யல்ல, ஆனால் பாதிக் கணக்கு. இரண்டு மார்க்கெட் சேர்ந்ததும் காசு 20, வாய்ப்பு 4. மூன்று புரொவின்ஸுக்கு 24 காசு வேண்டும். அதாவது மார்க்கெட் வாங்குவதற்கு முன் சுற்றுக்கு இரண்டு புரொவின்ஸ். வாங்கிய பின்னும் இரண்டேதான். ஒரு முழுச் சுற்றையும் கொடுத்து வாங்கிய சீட்டுகள் புரொவின்ஸ் கணக்கில் எதையும் கூட்டவில்லை.

அந்தச் சுற்றில் இரண்டாமவர் மூன்றாவது புரொவின்ஸை எடுத்தார். மிச்சம் 5.

13-ஆம் சுற்று

20 காசு, 4 வாய்ப்பு. இப்போதும் இரண்டு புரொவின்ஸ் வாங்கலாம். முதலாமவர் இரண்டு கோல்ட், ஒரு ஸ்மிதி, ஒரு வில்லேஜ் வாங்கினார். மொத்தம் 19 காசு. இதில் கோல்டுகளுக்காவது ஒரு நோக்கம் இருந்தது: காசு 26 ஆகி, மூன்று புரொவின்ஸ் கைக்கெட்டும். ஸ்மிதியும் வில்லேஜும் வந்தது வேறு காரணத்தால். காசும் வாய்ப்பும் மிச்சமிருக்கிறதே என்று வாங்கியவை அவை. வாங்கியே ஆக வேண்டும் என்று விதி எங்கும் சொல்லவில்லை. மிஞ்சிய காசை அப்படியே விடலாம்.

கட்டு 21 ஆனது. எட்டும் அளவு 22. ஒரே ஒரு சீட்டுக்குத்தான் கூடுதல் இடம். இரண்டாவது புரொவின்ஸ் வந்தவுடனே எட்டாமல் போகும்.

இரண்டாமவரிடம் நான்கு புரொவின்ஸ். மிச்சம் 4.

14, 15: முடிவு

14-ஆம் சுற்றில் முதலாமவரின் தொடக்கக் கை: 2 கோல்ட், 1 சில்வர், 1 காப்பர், 1 ஸ்மிதி. ஆக்‌ஷன் தரும் சீட்டு ஒன்றுமில்லை. ஸ்மிதியை ஆடினார், ஒரு கோல்டும் ஒரு லேபரட்டரியும் ஒரு வில்லேஜும் வந்தன. ஆக்‌ஷன் தீர்ந்ததால் அந்த லேபரட்டரியும் வில்லேஜும் கையில் செத்துக் கிடந்தன. 12 காசு, ஒரே வாய்ப்பு. ஒரு புரொவின்ஸ் எடுத்தார். இரண்டாமவர் ஐந்தாவதை எடுத்தார். 15-இல் முதலாமவர் 18 காசில் கடைசி இரண்டையும் ஒரு எஸ்டேட்டையும் எடுக்க, ஆட்டம் முடிந்தது.

இரண்டாமவருக்கு 5 புரொவின்ஸில் 30, தொடக்கத்து 3 எஸ்டேட்டில் 3, ஆக 33. முதலாமவருக்கு 19. கட்டுகளை எண்ணிப் பார்த்தால் ஒருவரிடம் 24 சீட்டு, மற்றவரிடம் 25. மெலிந்த கட்டு என்று தொடங்கியது, எதையும் கழிக்காத கட்டைவிடப் பருத்து முடிந்தது.

ஆட்டத்துக்குப் பின்: அந்தக் கெட்ட கையா காரணம்?

முதலாமவர் 14-ஆம் சுற்றின் கையைத்தான் குற்றம் சொன்னார். 21 சீட்டில் ஆக்‌ஷன் தருபவை 8. அவற்றில் ஒன்றும் முதல் 5-இல் வராத வாய்ப்பு ஏறக்குறைய 16-இல் 1. துரதிர்ஷ்டம் உண்மைதான். ஆனால் சீட்டுகளை மறுபடி பரப்பி, அந்தச் சுற்றில் மொத்தக் கட்டும் கைக்கு வந்ததாக வைத்துப் பார்த்தார்கள். 26 காசு, 4 வாய்ப்பு. மூன்று புரொவின்ஸ், ஒரு எஸ்டேட். அடுக்கில் ஒன்றே மிச்சம். அதை இரண்டாமவர் அதே சுற்றில் எடுத்து முடிக்கிறார். புள்ளி: 33-க்கு 19. கெட்ட கை வந்தபோதும் அதே 19, கச்சிதமான கை வந்தாலும் அதே 19.

டச்சிகளைக் கலந்து வாங்கியிருந்தால்? 14-இல் இரண்டு புரொவின்ஸ், இரண்டு டச்சி. 15-இல் கடைசி புரொவின்ஸோடு மூன்று டச்சி. இரண்டு சுற்றிலும் முழுக் கட்டும் வந்தால் 33 தொடலாம். ஆனால் 15-ஆம் சுற்றில் கட்டு 25, எட்டும் அளவு 22. அப்படியே வந்து சமநிலை ஆனாலும், குறைந்த சுற்று ஆடியவருக்கே வெற்றி என்பது விதி. இரண்டாமவர் ஒரு சுற்று குறைவு. இரண்டாமவர் கையும் அன்று நன்றாக ஓடியது என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் 14-ஆம் சுற்று தொடங்கும்போதே, எதிராளி சறுக்கினால் ஒழிய முதலாமவர் கையில் ஒன்றுமில்லை.

இதை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 12, 13 இரண்டு சுற்றிலும் வாங்காமல் விட்டது மொத்தம் 4 புரொவின்ஸ். அதற்கு ஈடாகக் கிடைத்தது சுற்றுக்கு ஒரு புரொவின்ஸ் கூடுதல் திறன்: இரண்டு, மூன்றாகிறது. விட்டதை மீட்கவே நாலு சுற்று வேண்டும். 12-ஆம் சுற்றில் அடுக்கில் 6 இருந்தது. இரண்டாமவர் இரண்டு சுற்றுக்கு ஒன்றாவது எடுப்பார், முதலாமவரே சுற்றுக்கு இரண்டு எடுத்தால் ஆட்டம் மூன்று சுற்றுக்குமேல் நீளாது. நாலு சுற்றில் மீளும் முதலீட்டை மூன்று சுற்றே மிச்சமிருக்கும் ஆட்டத்தில் போட்டிருக்கிறார்.

12-ஆம் சுற்றில் நிறுத்தியிருந்தால்

இரண்டாமவரின் வாங்கல்களை நடந்தபடியே வைத்துக்கொண்டு 12-ஆம் சுற்றிலிருந்து மீண்டும் ஆடிப் பார்த்தார்கள். 12-இல் முதலாமவர் இரண்டு எடுக்கிறார்; மிச்சம் 4. இரண்டாமவர் ஒன்று, மிச்சம் 3.

13-ஆம் சுற்றுதான் சுவாரசியமானது. கட்டு 17, எட்டும் அளவு 16. சங்கிலி அறாமல் ஓடி ஒரு சீட்டு மட்டும் வெளியே நின்றால், அது கோல்டாகவே இருந்தாலும் 15 காசு வரும். நல்ல கை வந்து 16 கிடைத்தால் உடனே இரண்டு எடுக்கத் தோன்றும். அப்படி எடுத்தால் ஒன்று மிஞ்சும், இரண்டாமவர் அதை எடுத்து ஆட்டத்தை முடிப்பார்: ஆளுக்கு நான்கு புரொவின்ஸ், ஆனால் அவரிடம் தொடக்கத்து 3 எஸ்டேட் இருக்கிறது. 27-க்கு 24. முதலாமவர் தோற்பார். சாப்பலால் எஸ்டேட்டைக் கழித்ததன் விலை அந்த 3 புள்ளி. நெருங்கிய ஆட்டத்தில் அது உறைக்கும்.

டொமினியன் ஆடுபவர்களிடம் ‘பெனல்டிமேட் புரொவின்ஸ் ரூல்’ என்று ஒரு வழக்கு உண்டு: கடைசி புரொவின்ஸை எதிராளி எடுத்தால் நீங்கள் தோற்பீர்கள் என்றால், கடைசிக்கு முந்தையதை எடுக்காதீர்கள். அதன்படி 13-இல் ஒரு புரொவின்ஸும் ஒரு டச்சியும் எடுத்தால் 13 காசு போதும், மிச்சம் 2. இரண்டாமவர் ஒன்று எடுக்கிறார். 14-இல் கடைசிப் புரொவின்ஸும் இன்னொரு டச்சியும் முதலாமவருக்கு. 30-க்கு 27. அந்தச் சுற்றில் 13 காசு வராமல் புரொவின்ஸ் மட்டும் கிடைத்தால் 27-க்கு 27; குறைந்த சுற்று விதிப்படி இரண்டாமவர் வெல்வார்.

இந்த மறு ஆட்டத்துக்கு ஒரு குறை உண்டு. 13-ஆம் சுற்றில் இதே விதியை இரண்டாமவரும் நினைத்துப் பார்த்து, புரொவின்ஸுக்குப் பதில் டச்சி எடுத்திருப்பார். எனவே 30-27 என்பதைத் தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம். 12-ஆம் சுற்றில் நிறுத்தினால் ஆட்டம் இழுபறியாகவாவது இருந்திருக்கும் என்பதற்கு மட்டும் அது போதும்.

என்ன மாற்றினார்கள்

முதலாமவர் அடுத்த ஆட்டத்தில், சங்கிலி கட்டியபின் ஒவ்வொரு சுற்றிலும் வாங்குவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்வது என்று வைத்துக்கொண்டார். இந்தச் சீட்டு சுற்றுக்கு எத்தனை புரொவின்ஸ் என்ற எண்ணை மாற்றுகிறதா? மாற்றினால், அடுக்கு தீர்வதற்குள் விட்டதை மீட்குமா? முதல் கேள்விக்குக் காசையும் வாய்ப்பையும் சேர்த்தே எண்ண வேண்டும். 18 காசு 2 வாய்ப்பும், 20 காசு 4 வாய்ப்பும் ஒரே விடைதான். கூடவே கட்டின் எண்ணிக்கையையும் எட்டும் அளவையும் ஒப்பிட்டார். எட்டும் அளவு மூன்று நான்கு கூடுதலாக இருந்தால் அத்தனை பச்சைச் சீட்டைக் கட்டு தாங்கும். அந்த இடைவெளி போதாதபோது லேபரட்டரி சேர்ப்பது நியாயமே, அதுவும் பச்சை எடுக்கத் தொடங்கும் முன்னால்.

இந்த அளவுகள் தாக்குதல் இல்லாத மேசைக்குத்தான். மிலிஷியா போன்ற சீட்டு இருந்தால் தொடக்கக் கை 3 ஆகிவிடும். எட்டும் அளவில் 2 குறையும், சங்கிலி தொடங்காமலே போகும் வாய்ப்பும் வெகுவாக ஏறும். அங்கே இன்னும் சில ஆக்‌ஷன் சீட்டு கூடுதலாக வேண்டும். மூவர், நால்வர் ஆட்டத்தில் புரொவின்ஸ் 12. ஆனால் எடுக்கும் கைகளும் கூடுதல் என்பதால் சுற்றுகள் அதே விகிதத்தில் கூடிவிடாது.

தொடர்ந்து நடந்தது

அதே பத்து வகைகளோடு மறுபடி ஆடினார்கள். முதலாமவர் சுற்றுக்கு இரண்டு புரொவின்ஸ் கிடைக்கத் தொடங்கிய சுற்றிலேயே வாங்க ஆரம்பித்தார். 4 புரொவின்ஸ், 3 டச்சியோடு 33 புள்ளி. இரண்டாமவர் 4 புரொவின்ஸ், 1 டச்சி, 3 எஸ்டேட்டோடு 30. நடுவில் ஒரு சுற்றில் புரொவின்ஸ் போக 4 காசும் ஒரு வாய்ப்பும் மிஞ்சியபோது, பழக்கதோஷத்தில் ஒரு ஸ்மிதியை எடுத்துக் கட்டில் போட்டார். அது கடைசிச் சுற்றில் வில்லேஜ் இல்லாமல் கையில் வந்து, ஆடப்படாமலே கிடந்தது.